தூணை ஒட்டி அரைச்சுவர்: இடைவெளி விடுவதா, ரிங்கை நெருக்குவதா, ஜன்னலை நகர்த்துவதா?

பள்ளி, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, குடோன் என்று தூண் போட்டுக் கட்டும் எதிலும் வரும் கேள்வி இது. இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர், அதற்கு மேலே பீம் வரை நீளமாக ஜன்னலோ வென்டிலேட்டரோ. ‘தூண் பக்கத்தில் அரைச்சுவர் வந்தால் நிலநடுக்கத்தில் ஆபத்து’ என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு ஆளுக்கு ஒரு யோசனை. சுவருக்கும் தூணுக்கும் நடுவில் தெர்மகோல் வைத்துவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். ரிங்கை நெருக்கிக் கட்டினால் போதும் என்கிறார் கம்பி மேஸ்திரி. ஜன்னலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள் என்கிறார் இன்னொருவர். கட்டுகிறவர் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் கேட்கிறார்.

மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை, ஒவ்வொன்றும் சொதப்புகிற இடமும் வேறு. நான்காவதாக ஒன்றும் உண்டு. பெரு நாட்டுப் பள்ளிகள் பட்டுத் தெரிந்துகொண்ட வழி அது.

## தூணுக்கு என்ன ஆகிறது

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம். முன்பக்கம் வராண்டா, அங்கே தூண்கள் வெறுமனே நிற்கின்றன. பின்பக்கம் தூண்களுக்கு இடையே 1.8 மீட்டர் உயரத்துக்கு 230 மி.மீ. செங்கல் சுவர், அதற்கு மேல் வரிசையாக ஜன்னல். தரையிலிருந்து பீமின் அடிவரை 3 மீட்டர். ஆகவே பின்பக்கத் தூணில் சுவர் பிடிக்காமல் மிஞ்சுவது 1.2 மீட்டர்தான். தூண் 300க்கு 300 மி.மீ., எம்25 கான்கிரீட், 16 மி.மீ. கம்பி எட்டு, 8 மி.மீ. ரிங் 200 மி.மீ. இடைவெளியில். ஊரில் சர்வசாதாரணமாகப் பார்க்கிற தூண்.

நிலம் ஆடும்போது மேலே இருக்கும் ஸ்லாப் ஒரே பலகையாக நகரும். முன்தூண் 5 மி.மீ. நகர்ந்தால் பின்தூணும் 5 மி.மீ. நகர்ந்தாக வேண்டும். முன்தூண் அந்த 5 மி.மீட்டரை 3 மீட்டர் நீளத்தில் பரப்பி வளைகிறது. பின்தூணுக்கு அடி 1.8 மீட்டரைச் சுவர் இறுக்கிப் பிடித்திருப்பதால், அத்தனை வளைவையும் மேல் 1.2 மீட்டருக்குள் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.

இரு முனையும் பிடிபட்ட தூணின் விறைப்பு, நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்மாறாக ஏறும்:

```
k = 12EI / h³
V = 2M / h
```

இதில் k விறைப்பு, E கான்கிரீட்டின் விறைப்புத்தன்மை, I தூணின் குறுக்களவைப் பொறுத்த எண், h தூண் வளையக் கிடைக்கும் நீளம், M வளைக்கும் மொமென்ட், V தூணைக் குறுக்கே வெட்டப்பார்க்கும் வெட்டுவிசை. நீளம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. நம் தூணில் 3-ஐ 1.2-ஆல் வகுத்து மூன்றாம் அடுக்கு எடுத்தால் ஏறக்குறைய 15.6 வருகிறது. முன்தூணும் பின்தூணும் சம எண்ணிக்கையில் இருந்தால், கட்டடத்தின் நீளவாக்கில் வரும் விசையில் 94 சதவீதம் பின்வரிசைக்குப் போய்விடும். இரண்டு வரிசையும் பாதிப் பாதி தாங்கும் என்று நினைத்து டிசைன் செய்திருப்பார்கள். கம்ப்யூட்டர் மாடலில் செங்கல் சுவரைப் பாரமாக மட்டும் ஏற்றியிருந்தால் இது கண்ணிலேயே படாது.

இரண்டாவது சூத்திரம்தான் தூண் ‘பட்’டென்று முறிவதற்கான காரணத்தைச் சொல்கிறது. தூணின் இரு முனையும் வளைந்து தாங்கக்கூடிய மொமென்ட் M கம்பியையும் அளவையும் பொறுத்தது. சுவர் வந்தாலும் வராவிட்டாலும் அது மாறாது. ஆனால் அந்த மொமென்ட் முழுதாக உருவாவதற்குத் தேவைப்படும் வெட்டுவிசை h குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும். நம் தூணுக்கு 400 கிலோநியூட்டன் பாரத்தில் M ஏறக்குறைய 80 கிலோநியூட்டன்-மீட்டர். கம்பி டிசைனில் வைத்ததைவிட வலுவாகவே இருக்கும் என்பதால் 1.4-ஆல் பெருக்கிக்கொள்வோம். 3 மீட்டர் நீளத்துக்கு வெட்டுவிசை 75 கிலோநியூட்டன். 1.2 மீட்டருக்கு 187.

இந்தத் தூண் தாங்கும் வெட்டுவிசை எவ்வளவு? கான்கிரீட் 65, ரிங் 44, ஆக 109. முன்தூணில் 75 வந்ததுமே முனைகளில் கம்பி இழுபட்டு வளைந்துகொடுக்கத் தொடங்கிவிடும். குறுக்கே மெல்லிய வெடிப்பு வரும், தூண் ஆடும், ஆனால் நிற்கும். பின்தூணில் கம்பி இழுபடுவதற்கு 187 வேண்டும். 109-லேயே கான்கிரீட் மூலைவிட்டமாகப் பிளந்துவிடும். வளைவதற்குத் தூணுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இதைத்தான் குறுந்தூண் முறிவு என்கிறார்கள்.

இதை மில்லிமீட்டரில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். வெடிப்பு விட்ட தூணின் விறைப்பைப் பாதியாக எடுத்துக்கொண்டால், முன்தூண் தன் எல்லையைத் தொட ஏறக்குறைய 20 மி.மீ. நகரலாம். பின்தூண் பிளக்க 2 மி.மீ. போதும்.

அடையாளமும் தெளிவாக இருக்கும். சுவரின் தலைக்கும் பீமின் அடிக்கும் நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு சாய்வு வெடிப்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும். நிலம் இருபக்கமும் ஆடுவதால் குறி இரட்டையாக விழுகிறது. அடுத்து கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட் உதிரும், 90 பாகையில் மடித்த ரிங்குகளின் வாய் பிளக்கும், உள்ளே உடைந்த கான்கிரீட் வெளியே கொட்டும், நெடுங்கம்பிகள் பிதுங்கும். அதோடு பீமைத் தாங்க ஆள் இல்லை. 1968-ல் ஜப்பானின் டோகாச்சி-ஓகி நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் வரிசையாக இப்படித்தான் போயின. அதுவரை 300 மி.மீ. வரை அனுமதித்திருந்த ரிங் இடைவெளியை 1971-ல் 100 மி.மீட்டராக நெருக்கியது ஜப்பான்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். முதலாவது, அந்த வழி தூணுக்கு வரும் வெட்டுவிசையைக் குறைக்கிறதா, இல்லை வருகிறதைத் தாங்கிக்கொள்ளச் செய்கிறதா. குறைப்பதே மேல். இரண்டாவது, அது சரியாக நடந்திருக்கிறதா என்று பூச்சு வேலை முடிந்த பிறகும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா. மூன்றாவது, ஒரு சிக்கலைத் தீர்க்கப்போய் சுவருக்கோ கட்டடத்துக்கோ வேறு சிக்கலைக் கொண்டுவருகிறதா. நான்காவது செலவு. சிமென்ட், கம்பிச் செலவைச் சொல்லவில்லை. அது எல்லா வழியிலும் சொற்பம். முடிவைத் தள்ளிப்போட்டால் ஏறுகிற செலவைத்தான் சொல்கிறேன்.

| வழி | தூணின் வெட்டுவிசை | எதை நம்பி இருக்கிறது | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|
| சுவருக்கும் தூணுக்கும் இடைவெளி | குறையும், அகலம் போதுமானால் | அகலக் கணக்கு, பூச்சு மேஸ்திரி | தனித்து நிற்கும் சுவருக்குக் குட்டித் தூணும் மேல்பட்டையும் |
| முழு உயரத்துக்கும் நெருக்கமான ரிங் | குறையாது | கொக்கி, கான்கிரீட் இறங்கும் தரம் | தூண் அளவே கூட வேண்டியிருக்கலாம் |
| ஜன்னலைத் தூணிலிருந்து நகர்த்துதல் | பெரும்பாலும் குறையும் | பிளான் கட்டத்திலேயே முடிவு | ஒருபக்கச் சுவரால் கட்டடம் முறுக்கிக்கொள்வது |
| கட்டடத்தை விறைப்பாக்குதல் | குறையும் | முழு டிசைன் | அஸ்திவாரம் |

## சுவருக்கும் தூணுக்கும் இடைவெளி

கொள்கை அளவில் இதைவிட நேர்த்தியான வழி இல்லை. சுவர் தூணைத் தொடாவிட்டால் தூணுக்கு மீண்டும் 3 மீட்டரும் கிடைத்துவிடும். மலிவானதும் இதுதான். அதனாலேயே எல்லோரும் முதலில் இதைச் சொல்கிறார்கள், அதிகம் ஏமாற்றுவதும் இதுவே.

அகலம் எவ்வளவு வேண்டும்? நிலநடுக்க டிசைனுக்கான இந்திய விதி ஐ.எஸ். 1893-ன்படி டிசைன் விசையில் ஒரு மாடி தன் உயரத்தில் 0.004 பங்குக்கு மேல் நகரக்கூடாது. ஆனால் டிசைன் விசை என்பது R என்ற எண்ணால் வகுத்துக் குறைத்த விசை. உண்மையான ஆட்டத்தில் கட்டடம் ஏறக்குறைய R மடங்கு நகரும். கம்பி விவரங்களை ஒழுங்காகச் செய்த சட்டகத்துக்கு R ஐந்து. ஆக 0.02. சுவரின் தலை 1.8 மீட்டரில் இருப்பதால் அங்கே 36 மி.மீ. வேண்டும். கட்டடம் விதி அனுமதித்ததில் பாதிதான் நகர்கிறது என்று கணக்கு காட்டினால் 18 மி.மீ.

சைட்டில் வைப்பது 12 மி.மீ. தெர்மகோல். அது எங்கிருந்து வந்த எண் என்று கேட்டால் கடையில் கிடைத்த ஷீட்டின் பருமன் என்பார்கள். ஆட்டத்தில் முதல் 12 மி.மீ. தூண் சுதந்திரமாக நகரும், பிறகு சுவரில் போய் இடிக்கும். அங்கிருந்து பழைய கதைதான்: இன்னும் சில மில்லிமீட்டர்களில் பிளந்துவிடும். போதாத இடைவெளி முறிவைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

இது வெறும் கணக்கில்லை. பெரு நாட்டின் கடலோரப் பள்ளிகளில் வகுப்பறையின் நீளவாக்கில் அரைச்சுவர், அதற்கு மேல் ஜன்னல் என்பதே வழக்கமான அமைப்பு. குறுந்தூண் முறிவு பற்றி அங்குள்ள பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். 1977-ஆம் ஆண்டு விதியின்படி கட்டிய பள்ளிகளில் சுவருக்கும் தூணுக்கும் இடைவெளியும் விட்டிருந்தார்கள். 1996 நவம்பரில் நாஸ்கா நிலநடுக்கம் வந்தபோது, கட்டி அதிக காலம் ஆகாத பள்ளிகளிலேயே தூண்கள் முறிந்தன. விதி கணித்ததைவிடக் கட்டடங்கள் அதிகம் ஆடி, இடைவெளியை மூடிக்கொண்டு சுவரில் போய் மோதியிருந்தன.

அகலம் சரியாக இருந்தாலும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, சுவர். இருபக்கமும் தூணை விட்டு, மேலே பீமும் இல்லாமல் நிற்கிற 1.8 மீட்டர் செங்கல் சுவர், அதன் குறுக்குவாக்கில் ஆடும்போது வகுப்பறைக்குள்ளோ வெளியே நடப்பவர் மேலோ சாயும். அதனால் சுவரின் இரு முனையிலும் பிளிந்த் பீமிலிருந்து கம்பி எடுத்துக் குட்டிக் கான்கிரீட் தூணும், தலையில் ஒரு கான்கிரீட் பட்டையும் வேண்டும். அகலமான சட்டகத்தில் நடுவிலும் ஒரு குட்டித் தூண் வேண்டியிருக்கும். இவை பெரிய தூணைத் தொடக்கூடாது. பட்டையின் கம்பியைப் ‘பலமாக இருக்கட்டும்’ என்று தூணில் துளைபோட்டுச் சொருகிவிட்டால் இடைவெளி விட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். மேல் மாடியில் இந்தக் குட்டித் தூண்களுக்கான கம்பியை ஸ்லாப் போடும்போதே பீமில் விட்டுவைக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று பூச்சு. இடைவெளியைக் கண்டதும் கொத்தனாரின் கை தானாகக் கலவையை எடுக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது, சந்து தெரியாமல் பூசுவதுதான் அவர் கற்ற தொழில். கலவை இறுகினால் அது மறுபடியும் சுவர்தான். நிரப்புகிற பொருள் கைவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், மேலே மழைத்தண்ணீர் போகாத, இழுபடக்கூடிய சீலன்ட் வேண்டும், பூச்சையும் அந்தக் கோட்டில் வெட்டிவிட வேண்டும். சில வருஷம் கழித்து பெயின்ட் அடிக்க வருபவர் ‘வெடிப்பு இருக்கு சார்’ என்று சிமென்ட் வைத்து அடைத்துவிடுவார். கட்டடத்தைப் பராமரிக்கிறவருக்கு இது என்ன என்று எழுதிவைக்காவிட்டால் இடைவெளியின் ஆயுள் அடுத்த வெள்ளையடிப்பு வரைதான்.

மேற்பார்வை உறுதியாக இருக்கிற இடத்தில், நீளமான ஜன்னல் வரிசை கட்டாயம் வேண்டும் என்கிற கட்டடத்துக்கு இந்த வழி பொருந்தும். கட்டடம் ஏற்கெனவே விறைப்பாக இருந்து, வேண்டிய அகலம் 15-20 மி.மீட்டருக்குள் அடங்கினால் இன்னும் நல்லது.

## முழு உயரத்துக்கும் நெருக்கமான ரிங்

சுவர் இருக்கட்டும், தூணைத் தேற்றுவோம் என்பது இந்த வழி. நிலநடுக்கத்துக்காகக் கம்பி விவரங்களைச் சொல்லும் இந்திய விதியான ஐ.எஸ். 13920 இதைக் கேட்கவே செய்கிறது. பகுதி உயரச் சுவர் போன்ற காரணங்களால் நீளவாக்கில் விறைப்பு மாறுகிற தூணுக்கு, சாதாரணத் தூணில் இரு முனைகளில் மட்டும் போடும் நெருக்கமான ரிங்கை முழு உயரத்துக்கும் போட வேண்டும். இடைவெளி 100 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது. தூணின் சிறிய பக்கத்தில் கால்பங்கு, நெடுங்கம்பி விட்டத்தில் ஆறு மடங்கு என்ற வரம்புகளும் உண்டு. நம் தூணில் முதலாவது 75 மி.மீ., இரண்டாவது 96. எது குறைவோ அதுதான் கணக்கு, ஆகவே 75.

ஆனால் பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். விதி சொன்ன இடைவெளியில் ரிங் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று. 187-ஐத் தாங்குகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 8 மி.மீ. ரிங்கை 200-லிருந்து 100-க்கு நெருக்கினால் ரிங்கின் பங்கு 44-லிருந்து 89 ஆகிறது, கான்கிரீட்டோடு 154. போதவில்லை. 75-க்கு வந்தால் 183. அப்போதும் நூலிழையில் குறைகிறது. 10 மி.மீ. ரிங்கை 75-ல் போட்டால்தான் 250 வரை கணக்கு ஏறி, மூச்சு விட இடம் கிடைக்கிறது. இருபக்கமும் மாறிமாறி ஆடும்போது கான்கிரீட்டின் பங்கான 65 தேய்ந்துகொண்டே வரும் என்பதால், இந்த மிச்சம் வீண் செலவில்லை.

அந்த 250-ஐயும் அப்படியே நம்ப முடியாது. எம்25 கான்கிரீட்டுக்கு வெட்டுத்தகைவின் உச்சவரம்பு சதுர மி.மீட்டருக்கு 3.1 நியூட்டன். நம் தூணில் அது 228 கிலோநியூட்டன். அதற்கு மேல் ரிங்கை எவ்வளவு அடர்த்தியாகப் போட்டாலும் கான்கிரீட்டே நொறுங்கிவிடும். சுவர் 1.8 மீட்டருக்குப் பதிலாக 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கழிவறைப் பக்கத்தில் அப்படித்தான் வரும். மிஞ்சுவது 0.9 மீட்டர், வெட்டுவிசை 249. இந்த அளவுத் தூணை எந்த ரிங்கும் காப்பாற்றாது. தூணைப் பெரிதாக்கினால் M-மும் கூடி, விசையும் கூடவே ஏறும். சுவர் உயர உயர இந்த வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது.

வேலைத்தரம்தான் இதன் பலவீனம். 135 பாகைக் கொக்கி, அதன் வால் விட்டத்தில் ஆறு மடங்கு, 65 மி.மீட்டருக்குக் குறையாமல். 75 மி.மீட்டருக்கு ஒரு ரிங் என்றால் கொக்கியை உள்ளே மடக்குவது கம்பி மேஸ்திரிக்குச் சிரமம், அதனால் 90 பாகையில் விட்டுவிடுவார். கவர் உதிர்ந்த நிமிடம் அது திறந்துகொள்ளும். நெருக்கத்தில் 20 மி.மீ. ஜல்லி சரியாக இறங்காமல் தேன்கூடு விழும். இன்னொரு கவனக்குறைவும் உண்டு. ஜன்னல் இருக்கிற 1.2 மீட்டருக்கு மட்டும் ரிங்கை நெருக்கிவிட்டு, சுவருக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் 200-லேயே விடுவது. முறிவு சுவரின் தலைமட்டத்துக்குக் கீழேயும் இறங்கும், ஆகவே அங்கேயும் நெருக்கம் தொடர வேண்டும். இவை எல்லாமே கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒருநாள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதற்கப்புறம் போட்டோதான் சாட்சி.

தூணுக்கு வரும் 94 சதவீதம் குறையவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். தூண் தாங்கினாலும் அந்த விசை பின்வரிசை அஸ்திவாரத்துக்கும் பீம்-தூண் இணைப்புக்கும் இறங்கும்.

சரிவான மனையில் மேட்டுப்பக்கம் வருகிற குட்டையான தூண், படிக்கட்டு லேண்டிங் பீம் நடுவில் வந்து கட்டுகிற தூண், பரண்தளம் பிடிக்கிற தூண், இவற்றுக்கு இடைவெளி விட வழியே கிடையாது. அங்கே ரிங்கைத்தான் நம்பியாக வேண்டும், அளவோடு சேர்த்து. அரைச்சுவருக்கு இதை முதல் வழியாக நான் எடுக்கமாட்டேன். மற்ற வழிகளோடு இரண்டாவது காப்பாக எப்போதும் சேர்ப்பேன்.

## ஜன்னலை நகர்த்துவது

தூண் குட்டையாவதற்குக் காரணம் சுவரின் உயரம் மட்டுமில்லை, ஜன்னல் தூணை ஒட்டி வருவதும்தான். ஜன்னலை நடுவுக்குக் கொண்டுவந்து, இருபக்கமும் தரையிலிருந்து பீம் வரை முழுச்சுவர் எழுப்பினால் தூண் முழு உயரத்துக்கும் சுவரோடு சேர்ந்தே நிற்கும். தனியாக வளைய ஒரு துண்டு மிஞ்சாது.

வெளிச்சம் போய்விடுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தூண்களுக்கு இடையே 3.5 மீட்டர் என்றால் பழைய ஜன்னல் வரிசை 3.5-க்கு 1.2, ஆக 4.2 சதுர மீட்டர். அதற்குப் பதில் 0.9 மீட்டர் சில் மட்டத்திலிருந்து பீம் வரை 2.1 மீட்டர் உயரம், 1.8 மீட்டர் அகலம் என்று நின்ற ஜன்னல் வைத்தால் 3.78. பத்து சதவீதம்தான் குறைவு. இருபக்கமும் 0.85 மீட்டர் முழுச்சுவர் கிடைக்கிறது. கழிவறையில் இன்னும் எளிது. அங்கே வேண்டியது சின்ன வென்டிலேட்டர், அதை ஏன் தூண் வரை இழுக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. லிண்டல் மட்டத்தில் ஒரே கோடாக வந்தால் எலிவேஷன் அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதன் பெரிய பலம், யாருடைய கைத்திறனையும் அது நம்பியில்லை என்பது. கட்டி முடிந்து இருபது வருஷம் கழித்து தெருவில் நின்று பார்த்தாலும் சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

குறைகளும் உண்டு. தூணை ஒட்டி ஒரு செங்கல் அகலத்துக்கு எழுப்பும் ஒட்டுச்சுவர் இந்த வேலைக்கு ஆகாது. விசை சுவர் வழியாக மூலைவிட்டமாக இறங்க இடம் வேண்டும். குறுகிய துண்டு முதல் ஆட்டத்திலேயே நொறுங்கி விழுந்தால் குறுந்தூண் திரும்பி வந்துவிடும். அதனால்தான் இங்கேயும் ரிங்கை முழு உயரத்துக்கும் நெருக்கிவைக்கச் சொல்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு இன்னொரு பக்கம் இருக்கிறது. பின்பக்கம் முழுச்சுவர், முன்பக்கம் திறந்த வராண்டா என்றால் கட்டடம் பின்பக்கத்தை மையமாக வைத்து முறுக்கிக்கொள்ளும், வராண்டாத் தூண்கள் அதிகம் வீசப்படும். அரைச்சுவரிலும் இந்த முறுக்கு இருந்தது, நாம்தான் கவனிக்கவில்லை. கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டு மேல்தளத்தில் மட்டும் முழுச்சுவர் எழுப்பினால் அதைவிட மோசம், கீழ்த்தளமே பலவீனத் தளமாகிவிடும். டிசைன் மாடலில் சுவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

## கட்டடத்தையே விறைப்பாக்குவது

நாஸ்காவுக்குப் பிறகு பெரு செய்தது இது. 1997-ல் விதியை மாற்றி, கணக்கிடும் நகர்வை உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கான்கிரீட் கட்டடங்களுக்கு மாடி உயரத்தில் 0.007 பங்கு என்று வரம்பு வைத்தார்கள். அந்த வரம்புக்குள் அடங்க, பள்ளிகளின் நீளவாக்கில் தூண்களை அகலமாக்க வேண்டிவந்தது. இடைவெளியையும் விட்டார்கள், இந்த முறை போதுமான அளவில். 2001 ஜூனில் நாட்டின் தெற்கே 8.4 அளவில் நிலநடுக்கம் வந்தபோது பழைய விதிப் பள்ளிகளில் குறுந்தூண்கள் மறுபடியும் உடைந்தன, புதிய விதிப் பள்ளிகள் நன்றாகவே நின்றன. 2007-ல் பிஸ்கோவிலும் அதே கதை.

நம் உதாரணத்தில் என்றால், நீளவாக்கில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு கான்கிரீட் சுவர்களைத் தரையிலிருந்து மொட்டைமாடி வரை கொண்டுபோகலாம், அல்லது தூணைத் திருப்பி அதன் நீண்ட பக்கத்தைச் சுவர்வாக்கில் வைக்கலாம். நகர்வு மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் வேண்டிய இடைவெளியும் 36-லிருந்து 12 ஆகிவிடும். அப்போதுதான் கடையில் கிடைக்கும் தெர்மகோலுக்கு அர்த்தம் வருகிறது.

கான்கிரீட் சுவர் தாங்கும் விசை முழுதும் அதன் அடியில் இறங்குவதால் அங்கே பெரிய அஸ்திவாரம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் முறுக்கு வரும். இரண்டு மாடிக்கு மேல், தூண்கள் நிறைய, அரைச்சுவர்கள் தவிர்க்க முடியாதவை என்றால் இதுதான் கட்டுபடியாகும். ஒரு மாடி வகுப்பறைக்கு இது அளவுக்கு மிஞ்சிய வைத்தியம்.

## கட்டி முடித்துவிட்டோமே என்றால்

தூண் ஓரமாகச் சுவரை ரம்பத்தால் அறுத்து இடைவெளி ஏற்படுத்துவது முதலில் தோன்றும். செய்யலாம். ஆனால் அறுத்த உடனே அந்தச் சுவர் தனியாள். குட்டித் தூணும் பட்டையும் முதலில், அறுப்பு பிறகு. அதுவும் ஒவ்வொரு சட்டகமாக.

தூணைச் சுற்றிப் புதிய உறையாக ஜாக்கெட் போடுவது அடுத்தது. இங்கே ஒரு பொறி உண்டு. புதிய நெடுங்கம்பிகளைப் பீம் வழியாக மேலே கொண்டுபோய் நங்கூரமிட்டால் தூணின் M கூடும், கூடவே வெட்டுவிசையும் கூடும். நமக்கு வேண்டியது வெட்டுத்தாங்கும் திறன் மட்டும். ஆகவே ரிங்கோ, இரும்புப் பட்டையோ, எஃப்.ஆர்.பி. என்கிற இழைத்துணிச் சுற்றோ போதும், நெடுங்கம்பியை இணைப்புக்குள் கொண்டுபோக வேண்டாம். சுற்றுவதற்குத் தூணின் நான்கு பக்கமும் வேண்டும் என்பதால் பக்கத்துச் சுவரைச் சுவர்த்தலைக்குக் கீழேயும் கொஞ்சம் இடிக்க நேரிடும். கொட்டேஷனில் இந்த இடிப்பும் மறுபூச்சும் பெரும்பாலும் இருப்பதில்லை, கேட்டு வாங்குங்கள்.

தூண் ஓரத்து ஜன்னல் பகுதியைச் செங்கல் வைத்து அடைப்பதே பல பழைய கட்டடங்களில் சீக்கிரம் முடிகிற வேலை. இருபுறமும் சமமாக, எல்லா மாடியிலும், பீமின் அடிவரை இடைவெளி இல்லாமல் இறுக்கி அடைக்க வேண்டும். மேலே ஒரு வரிசையை விட்டுவிட்டால் முன்னைவிடக் குட்டையான தூணைச் செய்துவைத்தவராவீர்கள்.

## எந்த நிலைமைக்கு எது

பிளான் இன்னும் காகிதத்தில் இருக்கிறது என்றால் ஜன்னலை நகர்த்துங்கள், ரிங்கை முழு உயரத்துக்கும் நெருக்குங்கள். இந்த இரண்டோடு பெரும்பாலான வகுப்பறைகளும் கழிவறைகளும் முடிந்துவிடும். ஜன்னல் வரிசை வேண்டியே தீரும், கட்டடம் இரண்டு மாடி என்றால் இடைவெளி, ஆனால் அகலத்தை நகர்வுக் கணக்கிலிருந்து எடுத்து, குட்டித் தூண் படத்தோடு. அதற்கு மேல் மாடி போனால் விறைப்பும் இடைவெளியும் சேர்த்து. தூண் ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது, சுவர் இன்னும் வரவில்லை என்கிற நடுக்கட்டத்தில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். இப்போது ஜன்னலை நகர்த்த ஒரு ரூபாயும் ஆகாது, சுவர் வந்த பிறகு ஜாக்கெட் விலை.

சென்னையும் கோவையும் ஐ.எஸ். 1893:2016 வரைபடத்தில் மூன்றாம் மண்டலம். ஐ.எஸ். 13920 அங்கே கட்டாயம். தமிழ்நாட்டின் மற்ற பெரும்பகுதி இரண்டாம் மண்டலம், அங்கே விதி இத்தனை கறாராகக் கேட்காது. ஜன்னலின் இடத்தை மட்டும் அங்கேயும் மாற்றிவைப்பேன். மற்ற மூன்றையும் மண்டலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

எந்த வழியை எடுத்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: சுவருக்கு மேல் மிஞ்சும் தூணின் நீளம், அந்த நீளத்துக்கு வரும் வெட்டுவிசை, தூண் தாங்கும் வெட்டுவிசை. இடைவெளி விடுவதாக இருந்தால் நான்காவதாக மில்லிமீட்டரில் அகலம். வெறும் ‘ரிங்கை நெருக்கியிருக்கிறோம்’ என்ற பதிலோடு படத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.